எந்தக் கட்டத்தில் நிறுத்துவது?

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர், தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் என்று உறுதியானவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்பதை முடிவு செய்ய, அத்திட்டம் சுகாதார நிலையப் பணியாளரிடம் ஐந்தே விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, இரண்டு கால்களிலும் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு என்ன. இதற்கு ரத்தம் எடுக்க வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், டாக்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் பகுதிகளிலும் ஒரு சுகாதார நிலையத்தின் முன்மேசைக்கு முடிவு வரைபடம் ஒன்று வரைய நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்த ஐந்து கேள்விகளைத்தான். வரைபடத்தை எங்கே தொடங்குவது என்பது யாருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பெரும்பாலான வரைபடங்கள் கோட்டை விடுகின்றன.

ஏன் காசநோய்க்கு இப்படியொரு தரம்பிரிப்பு தேவைப்பட்டது என்பதற்குப் பின்னால் சென்னையின் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் 1937இல் அரசின் கைக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மின்சார ரயில் நிலையத்துக்குக்கூட அந்தப் பெயர்தான். பிறகு, 1950களின் பிற்பாதியில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாற்றியது. சென்னைக்குப் பெருமைதான்.

ஆனால், வீட்டுச் சிகிச்சையே வழக்கமாகிவிட்ட பிறகு, மாத்திரை அட்டையோடு வீடு திரும்பக்கூடாத சிலரும் அதே வரிசையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்முன்பே உடல் தோற்றுவிடுகிறது. மிகக் கடுமையாக மெலிந்தவர்கள், மூச்சுக்குத் தவிப்பவர்கள், எழுந்து நிற்க முடியாதவர்கள், இவர்களை முதல் நாளே அடையாளம் காண வேண்டும். தேசிய வழிகாட்டுதலில் இதற்கென ஒரு நீண்ட மதிப்பீட்டுப் பட்டியல் இருந்தது. அதில் ஆய்வகச் சோதனைகளும் அடக்கம். பட்டியல் சரியானதுதான், ஆனால் அதை நிரப்பி முடிப்பதற்குள் நோயாளி பஸ் ஏறிவிடுவார். மாநிலக் காசநோய்ப் பிரிவும், அம்பத்தூர் அருகே உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை, பட்டியலைக் குறைத்ததுதான். முழு மதிப்பீட்டை மருத்துவமனைக்கு ஒதுக்கிவிட்டு, ‘யார் அந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்’ என்ற ஒரே கேள்வியை மட்டும் சுகாதார நிலையத்தில் வைத்தார்கள்.

இந்த ஐந்தையும் படிவத்தில் அப்படியே நிரப்பலாம். மேசையில் ஒட்டும் வரைபடமாக மாற்றும்போதுதான் வரிசை முக்கியமாகிறது. கீழே உள்ள வரிசை இந்தக் கட்டுரையின் பரிந்துரை. எல்லைக் கோடுகள் மட்டும் திட்டத்துடையவை.

முதல் கட்டம் நிற்பது. ‘அண்ணே, நாற்காலியைப் பிடிக்காம எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்’ என்று கேட்டால் போதும். முடியவில்லையா, வரைபடம் அங்கேயே நின்றுவிட வேண்டும். இதை முதலில் வைக்க ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நிற்க முடியாதவரை எடை இயந்திரத்தில் ஏற்ற முடியாது. உயரம் அளக்கும் கோலில் நிறுத்தவும் முடியாது. எடையை முதல் கட்டமாக வைத்த வரைபடம், மிக மோசமான நோயாளியிடம்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். மகன் தோளில் சாய்ந்து நிற்கும் தாயைத் தூக்கிப்பிடித்து எடை எடுக்கும் காட்சி அப்படித்தான் உண்டாகிறது.

இரண்டாவது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு இது இல்லாத சுகாதார நிலையம் அரிது. 94க்குக் கீழே இருந்தால் நிறுத்தம். அதாவது 93 என்றால் நிறுத்தம், 94 என்றால் அடுத்த கட்டம். இந்த ஒரு எண் வித்தியாசத்தை வரைபடத்தில் தெளிவாக எழுதாவிட்டால், 94 காட்டும் ஒவ்வொரு நோயாளிக்கும் மேசையில் ஒரு வாக்குவாதம் நடக்கும். கருவியை மாட்டியவுடன் வரும் முதல் எண்ணை எழுதக்கூடாது. எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் விரலை மாற்ற வேண்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். இன்னொன்றும் மேசையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே, 94 காட்டும் ஒருவர் பார்வைக்கு மூச்சுத் திணறுகிறவராக இருந்தால், கருவியை நம்பி அவரை ஓரமாக உட்காரவைக்கக் கூடாது.

மூன்றாவது மூச்சு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 24க்கு மேல் போனால் நிறுத்தம். கேட்க எளிதாக இருக்கிறது. ஐந்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அப்படிச் செய்தால் 12 மூச்சு 24 ஆகும், 13 மூச்சு 26 ஆகும். 25 என்ற எண்ணே வராது. உண்மையில் 25 மூச்சு விடுபவர் உள்ளே போவாரா வீட்டுக்குப் போவாரா என்பதை, எண்ணத் தொடங்கிய கணம்தான் முடிவு செய்யும். கோடு 24க்கும் 25க்கும் நடுவில் இருப்பதால் முழு 60 விநாடி எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. நோயாளி வந்து சில நிமிடங்கள் உட்கார்ந்த பிறகு எண்ண வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவருக்கு உடனே எண்ணினால் கணக்கு தப்பும். ‘உங்க மூச்சை எண்ணப்போறேன்’ என்று சொன்னாலும் தப்பும். சொன்ன மாத்திரத்தில் யாருடைய மூச்சும் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணுவது நர்ஸ்களுக்குப் பழகிய பழைய உத்தி.

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே வருபவை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண், மருத்துவமனைப் பேச்சில் பிஎம்ஐ. அது 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிறுத்தம். 16 அல்லது அதற்குக் கீழ் இருந்து, இரண்டு கால்களிலும் வீக்கமும் இருந்தால் அதுவும் நிறுத்தம்.

வீக்கம் இருந்தால் ஏன் எல்லைக்கோடு மேலே ஏறுகிறது? காலில் தேங்கிய நீருக்கும் எடை உண்டு. தராசுக்குச் சதையும் நீரும் ஒன்றுதான். உடல் கரைந்துபோன ஒருவர், தேங்கிய நீரின் புண்ணியத்தில் தராசில் தேறிவிடுவார். அதனால், கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்து, குழி அப்படியே நிற்கிறதா என்று இரண்டு கால்களிலும் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். அது இந்தக் கட்டத்தில் சேராது, ஆனால் டாக்டர் பார்க்க வேண்டியது.

வகுத்தல் கணக்கை மேசையில் இருப்பவர் தலையில் கட்டக்கூடாது. வரைபடத்தின் ஓரத்தில் உயரத்துக்கு எதிரே இரண்டு எடைகளை அச்சடித்துவிட்டால் கணக்கு முடிந்தது. 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு 31.5 கிலோவும் 36 கிலோவும். 158 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோவும் 40 கிலோவும். 165 என்றால் 38 கிலோவும் 43.5 கிலோவும். முதல் எண்ணோ அதற்குக் கீழோ என்றால் காலைப் பார்க்காமலேயே நிறுத்தம். முதல் எண்ணுக்கு மேல், இரண்டாவது எண் வரை என்றால் காலை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். பெருங்களத்தூர்ப் பக்கம் கட்டட வேலை செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதுக்கு மேல். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகிவிட்டது. தானாக நடந்து வருகிறார், பேசுகிறார், மேசையில் இருப்பவரிடம் சிரிக்கவும் செய்கிறார். நாற்காலியைப் பிடிக்காமல் எழுகிறார். ஆக்சிஜன் 96. மூச்சு 22. மூன்று கட்டங்களிலும் தேறிவிட்டார். பார்வையை மட்டும் நம்பினால் இவர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். உயரம் 158, எடை 37.5 கிலோ. அட்டவணையில் 35க்கும் 40க்கும் நடுவில் விழுகிறார். காலை அழுத்தினால் இரண்டு பக்கமும் குழி. இவருடைய பிஎம்ஐ 15. அந்த 15க்குள் எவ்வளவு நீர் என்பது யாருக்கும் தெரியாது. வரைபடம் இவரை நிறுத்துகிறது. நடந்து வந்தவரை நிறுத்துவதுதான் இந்த வரைபடம் செய்யும் மிகப்பெரிய வேலை. நடக்க முடியாதவரை வரைபடம் இல்லாமலும் யாராவது கவனித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். முதல் கட்டத்திலேயே நிறுத்திவிட்டால் மீதி நான்கு அளவுகள்? திட்டத்தின் பதிவுக்கு ஐந்தும் தேவையாயிற்றே? தேவைதான். பதிவு வேறு, முடிவு வேறு. முடிவெடுக்க, ‘ஆபத்து உண்டா’ என்பதற்கு ஒரு ‘ஆம்’ போதும். மற்ற அளவுகளை ஆம்புலன்ஸ் வரும்வரை கிடைக்கும் நேரத்தில் எடுக்கலாம், எடுக்க முடியாததை வார்டில் எடுக்கலாம். ஆபத்து எங்கே வருகிறதென்றால், படிவத்தில் காலியாக நிற்கும் கட்டங்களை நிரப்புவதற்காக, ஏற்கெனவே முடிவாகிவிட்ட நோயாளியைப் பெஞ்சில் உட்காரவைக்கும்போது.

சரி, ‘நிறுத்தம்’ என்ற கட்டத்துக்குள் என்ன எழுதுவது? பல சுவர்களில் தொங்கும் வரைபடங்களில் கடைசிக் கட்டத்தில் ‘மருத்துவரை அணுகவும்’ என்றோ ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை’ என்றோ இருக்கும். அங்கே வரைபடம் முடிவதில்லை, நழுவுகிறது. எந்த மருத்துவர்? எந்த மருத்துவமனை? எதில் போவது? மத்தியானம் ஒரு மணிக்கு மேல் டாக்டர் கிளம்பியிருந்தால்? தாம்பரம் பகுதியில் ‘சானடோரியம் போங்க’ என்று ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். பக்கம்தானே. ஆக்சிஜன் 91 உள்ள ஒருவர் அந்தச் சீட்டோடு மின்சார ரயில் ஏறி, நடைமேம்பாலத்தின் படிகளை ஏறி இறங்கி, வெளிநோயாளிகள் வரிசையில் மறுபடியும் டோக்கன் வாங்கி நிற்பார். அங்கே இருப்பவருக்கு இவர் யாரென்று தெரியாது.

உண்மையான நிறுத்தக் கட்டத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று பதவிப் பெயரோடு ஒரு வரி: பணியிலுள்ள நர்ஸ், அவர் இல்லாவிட்டால் இன்னார். எதில் போவது: மூச்சாலோ நிற்க முடியாததாலோ நிறுத்தப்பட்டவர் என்றால் 108தான், ஆட்டோவோ ரயிலோ கிடையாது. எங்கே போவது: மருத்துவமனையின் பெயரோடு வார்டும், அந்த வார்டின் தொலைபேசி எண்ணும். கடைசியாக, மேசையில் இருப்பவரின் வேலை எப்போது முடிகிறது: வார்டில் ஒருவர் போனை எடுத்து ‘அனுப்புங்க’ என்று சொன்ன பிறகு. போன் எடுக்கப்படவில்லை என்றால் அடுத்த எண். இதெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்குமா என்றால், அடங்கும். கேள்விக் கட்டங்களைச் சின்னதாகவும் நிறுத்தக் கட்டத்தைப் பெரிதாகவும் வரைந்தால் போதும். வரைபவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

‘இல்லை’ என்ற பாதைக்கும் முடிவு வேண்டும். ஐந்திலும் தேறியவர் வீட்டுக்குப் போகலாம், ஆனால் அத்தோடு ஆபத்து நீங்கிவிட்டதாக ஆகாது. எந்தத் தரம்பிரிப்பும் எல்லோரையும் பிடித்துவிடாது. குடிப்பழக்கம், சர்க்கரை நோய், எச்ஐவி ஆகியவற்றை இந்த ஐந்து கேள்விகளும் கேட்பதில்லை. ஆகவே இந்தப் பாதையின் கடைசிக் கட்டத்தில் அடுத்து வரவேண்டிய தேதியும், எது நடந்தால் தேதிக்குக் காத்திராமல் திரும்பி வர வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, இருமலில் ரத்தம், சாப்பாடு இறங்காமல் போவது ஆகியவற்றை வீட்டில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு பாதையும் தேவை. கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது, தராசு பழுது என்ற நாட்களுக்கு. அளக்க முடியாததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வது மேசைகளில் சர்வசாதாரணம். ‘தெரியவில்லை’ என்ற பதில் நர்ஸிடம் போய் நிற்க வேண்டும், வீட்டுக்கல்ல.

இதே வடிவத்தைக் காசநோயைத் தாண்டிப் பொது ஓபி மேசைக்கும் கொண்டுவரலாம், ஆனால் எண்களைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. மேலே சொன்ன எல்லைகள் காசநோய் உறுதியான பெரியவர்களுக்கு வகுக்கப்பட்டவை. கர்ப்பிணிகளுக்குக் கால் வீக்கம் சாதாரணமாகவே வரும், எடைக் கணக்கும் வேறு. குழந்தைகளுக்கு மூச்சின் அளவே வேறு: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60ம் அதற்கு மேலும், ஒரு வயதுவரை 50ம் அதற்கு மேலும், ஐந்து வயதுவரை 40ம் அதற்கு மேலும் போனால்தான் வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. பால் குடிக்க முடியாத, எல்லாவற்றையும் வாந்தியெடுக்கிற, வலிப்பு வந்த, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிற குழந்தைக்கு எந்த எண்ணும் தேவையில்லை. அங்கே முதல் கட்டத்திலேயே நிறுத்தம். அதேபோல் நினைவிழந்தவர், நிற்காத ரத்தப்போக்கு, நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டுபவர். இவர்களுக்கு ஓபி சீட்டு, செல்போன் எண், ஆதார் எதுவும் கேட்கக் கூடாது என்பதையும் நிறுத்தக் கட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்பது பணியாளருக்குத் தெரியும். எதைச் செய்யாமல் விடலாம் என்ற அனுமதிதான் அவருக்கு எழுத்தில் வேண்டும். சீட்டு போடாமல் உள்ளே விட்டதற்காகத் திட்டு வாங்கியவர் அடுத்த முறை சீட்டு போட்டுவிட்டுத்தான் விடுவார்.

வரைபடம் வேலை செய்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை, பதிவேடு போதும். மூச்சு எண்ணிக்கைப் பத்தியில் 18, 20, 22 என்று இரட்டைப்படை எண்களாகவே இறங்கிக்கொண்டிருந்தால் யாரும் முழு நிமிடம் எண்ணவில்லை என்று பொருள். எல்லோருக்கும் 20 என்றால் யாருமே எண்ணவில்லை. ஆக்சிஜன் பத்தியில் 98, 99 மட்டுமே இருந்து, ஒரு 95கூட இல்லை என்றால் கருவி மேசை இழுப்பறையில் தூங்குகிறது. உயரத்துக்கான கட்டம் காலியாக இருந்து எடை மட்டும் இருந்தால் பிஎம்ஐ எங்கிருந்தோ வந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒருவர்கூட நிறுத்தப்படவில்லை என்றால், அதை அந்தப் பகுதியின் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும். நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களை வார்டின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும்: அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பது.

தாம்பரத்துக்கு ஒரு வசதி உண்டு. நிறுத்தக் கட்டத்தில் எழுத வேண்டிய மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் மாநகராட்சியும் வந்துவிட்டது. நகர்ப்புற சுகாதார நிலையங்களின் முன்மேசைகளுக்கு ஒரே வரைபடத்தை அச்சடித்து ஒட்டுவதில் நிர்வாகச் சிக்கல் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவும் மாவட்டக் காசநோய் அலுவலகமும் செய்ய வேண்டியது இதுதான்: உயரத்துக்கு எதிரே இரண்டு எடைகள் போட்ட அந்த ஒற்றைத் தாளை ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் வார்டின் தொலைபேசி எண்ணை எழுதி, அந்த எண் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுக்கப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.